அஸ்கா சக்கர எல்லாமே

காலையில் குப்பை வண்டி பாடிக்கொண்டே தெருவுக்குள் வந்தது. என் வாயோ வேறொரு பாட்டை முணுமுணுத்தது.

"அரிசி பருப்பு புளி மொளகா
அஸ்கா சக்கர எல்லாமே
வரிச வேணாம் நட வேணாம்
வாசல் வருமே முனைக்கடையே!"

சின்ன காஞ்சிபுரத்தில் அப்பாவின் மளிகைக் கடைக்கு அம்மா கட்டிய பாட்டு. தறியை விட்டு எழுந்து கடைக்கு வர முடியாதவர்கள் நிறைந்த தெரு. அதனால் பக்கத்து வீட்டுத் தறியின் சத்தத்தையே தாளமாக வைத்துக்கொண்டு சொற்களை அடுக்கினாள். காலையில் அப்பா தகரக் குழாயில் பாடிக்கொண்டே போய், கேட்டதை மாலையில் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு வருஷம் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தது. "பாட்டுல அஸ்காவ எடுத்துடு" என்றார் அப்பா. தாளம் கெடாமல் "அச்சு வெல்லமும் எல்லாமே" என்று மாற்றிக் கொடுத்தாள் அம்மா.

மறுநாள் அப்பா புது வரியைத் தொடங்கியதும், தறிகளிலிருந்து பழைய வரி அவரைவிடச் சத்தமாக வந்தது. அவருக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகள் நாங்களும் அதையே பாடினோம். ஒரு அம்மாள் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"அஸ்கா இல்லம்மா. பாட்டயே மாத்திட்டோம்."

"தெருவே பாடிக்கினு இருக்குது, நீ இன்னாண்ணா இல்லன்ற?"

அப்பா குழாயை இறக்கினார். அன்றிலிருந்து வாய் திறக்காமல்தான் போனார். ஆனால் பாட்டு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் கிண்ணம் காத்திருந்தது.

குப்பை வண்டி திரும்பி மறைந்தது. அப்பாவுக்காக ஒரு முறை வெல்லத்தைப் பாடிப் பார்த்தேன். இரண்டாவது அடியில் அஸ்காவே வந்தது.