கழுகாரின் கண்ணும் முதலாளியின் வாலும்

"நான் பார்த்த பக்கத்தை இன்னொருத்தர் பார்த்தா, அது என் கண்ணுக்குப் பண்ற அவமரியாதை" என்று அந்த வாரப் பத்திரிகையின் பிழைதிருத்துநர் ஒருமுறை அறிவித்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குக் கழுகார் என்றே பெயர்.

கழுகாரிடம் வசமாக மாட்டியவள் நிருபர். "மருத்துவர் மட்டும் காலையில் இருப்பார்" என்று அவள் எழுதினால், மற்றவர்கள் எல்லாம் சாயங்காலம்தான் வருவார்களா என்று கேட்டு, 'மட்டும்' என்பதைப் பிடுங்கி 'காலையில்' என்பதன் பின்னால் நடுவார். ஒருநாள் "கிட்டத்தட்ட இறந்த நாற்பது கோழிகள்" வந்தன. "இன்னும் உயிர் ஊசலாடுதா, பாவம். முதலுதவி பண்ணலாமேம்மா" என்றார். அவள் முறைத்தாள். 'கிட்டத்தட்ட' நாற்பதின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கோழிகள் முறைப்படி இறந்தன.

பிறகு முதலாளி வீட்டு விருந்து வந்தது. நிருபர் விடுப்பில் இருந்ததால் செய்தியைக் கழுகாரே எழுதினார், கழுகாரே திருத்தினார். குறுக்கே வர யாருக்கும் துணிச்சல் இல்லை. முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் அச்சானது: "வாலை ஆட்டியபடி ஓடிவந்த முதலாளியின் நாய் விருந்தினரை வரவேற்றது."

மறுநாள் முதலாளியின் மைத்துனர் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. முதலாளி கழுகாரை அறைக்குள் அழைத்தார்.

"எனக்கு வால் இருக்கா?"

"இல்லீங்க."

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கே."

வால் நாயுடையதுதான் என்று கழுகார் இலக்கணத்தோடு விளக்கப் பார்த்தார். அது முதலாளியின் முகத்தை இன்னும் சிவக்க வைத்தது. அடுத்த இதழில் ஒழுங்காக ஒரு வருத்தக் குறிப்பு வர வேண்டும், அதிலும் கோணல் இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கழுகார் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். வாலைப் பத்திரமாக நாயிடமே ஒப்படைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார். குற்றம் குறை எதுவும் தெரியவில்லை. நாய் செய்தியிலும் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது. தான் நினைத்ததையே கண்ணும் படித்துத் தொலைக்கிறதோ?

அச்சுக்கூடம் பக்கம் நடந்தவர், பாதியில் திரும்பி நிருபரின் மேசைக்கு வந்தார்.

"சும்மா ஒரு பார்வை பாரும்மா."

அவள் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கையொப்பத்துக்கு மேலிருந்த வரியின் கீழ் பென்சிலால் மெல்லக் கோடு போட்டாள்.

"சார், இதுல தலைகுனிஞ்சு நிக்கிறது யாரு?"

"தலைகுனிந்து நிற்கும் முதலாளியின் ஊழியன்" என்றிருந்தது.

கழுகார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்து, "முதலாளி முன் தலைகுனிந்து நிற்கும் ஊழியன்" என்று மாற்றினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் பார்த்து முடித்திருந்த மற்ற பக்கங்களையும் ஓசைப்படாமல் அவள் பக்கம் நகர்த்தினார்.