வேம்புலியம்மாள் சேர்த்து வைத்த சீட்டுகள்

சென்னீர்குப்பம் டிபன் கடையில் வேம்புலியம்மாள் தோசைக்கல் முன்னால் நிற்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஆர்டரைக் கத்திச் சொல்ல வேண்டாமென்று முதலாளி கோகுல்நாத் போன வாரம் அடுப்படியில் ஆர்டரைச் சீட்டாக அச்சடிக்கும் ஒரு பிரிண்டர் வைத்தார். அன்றிலிருந்து வெங்காயம் வேண்டாமென்று கேட்டவர்களின் தோசையில்தான் வெங்காயம் அள்ளிப் போட்டிருந்தது.

"அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியல" என்று கோகுல்நாத்தே முடிவுகட்டினார். தினமும் பஸ்ஸில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவளுக்குச் சுருக்கென்றது. வந்த சீட்டுகளைச் சேர்த்து வைத்து, மிஷின் பார்க்க வந்த ரேணுகாவிடம் நீட்டினாள்.

எல்லாவற்றிலும் "ரவா தோசை, வெங்காயம்" என்பதோடு வரி அறுந்திருந்தது. சீட்டுத் தாளின் அகலம் இரண்டு அங்குலம், பிரிண்டர் செட்டிங்கில் இருந்ததோ மூன்று. "வேண்டாம்" என்ற சொல் தாளுக்கு வெளியே போய்விட்டது. ரேணுகா அகலத்தைச் சரிசெய்து, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி இடைவெளியையும் கூட்டினாள்.

அடுத்த சீட்டு முழுதாக வந்தது. கோகுல்நாத் அதைக் கிழித்துக் கொடுத்து, "இப்ப படிக்க வருதாம்மா?" என்றார்.

"எனக்கு எப்பவும் வரும் நைனா. உன் மிஷினுக்குத்தான் இப்ப எழுத வந்துகீது" என்றபடி வேம்புலியம்மாள் அடுத்த தோசையை ஊற்றினாள்.