எந்த வீட்டு டிவி

அம்மா இறந்த நாள் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டது. சென்னையிலிருந்து கிளம்பி வந்த தங்கை பர்லியாருக்குக் கீழே பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். மழை விடவில்லை. இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். மறுநாள் காலை நனைந்த செருப்போடு குன்னூர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்காக ஒரு ராத்திரி வச்சிருக்கக் கூடாதாங்ணா?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவளுக்கு லேசில் வராது, வந்தால் போகாது. இரண்டும் அன்றைக்கு ஒன்றாக வந்தன. "இனி இது உங்க ஊடு. நான் வர மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

நிற்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. நல்லா இருந்த காலத்தில், ஒரு பொங்கலுக்கு வந்தபோது, இணையத்தில் படம் பார்க்கும் தன்னுடைய கணக்கை எங்கள் டிவியிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். சண்டைக்குப் பிறகும் அவள் அதை எடுக்கவில்லை. பிறகு கம்பெனிக்காரர்கள் ஒரு கணக்குக்கு ஒரு வீடுதான் என்று சட்டம் போட்டார்கள். அவளுடைய சென்னை டிவி எந்த இணையத்தில் ஓடுகிறதோ அதுதான் வீடு. எங்கள் டிவி திடீரென்று ஒரு நாள், நீ இந்த வீட்டைச் சேர்ந்தவன் இல்லை என்று எழுதிக் காட்டியது. அதை எனக்கு டிவி வேறு வந்து சொல்ல வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது.

கீழே இரண்டு வழி கொடுத்திருந்தார்கள். ஒன்று, இந்த டிவி இருக்கும் இடத்தையே வீடாக மாற்றுவது. இன்னொன்று, தற்காலிகமாகப் பார்ப்பது. இரண்டாவதை அழுத்தினால் கணக்கு வைத்திருப்பவரின் போனுக்கு நாலு எண் போகும். அதைக் கால் மணி நேரத்துக்குள் இங்கே அடிக்க வேண்டும். வீம்புக்கு அழுத்திப் பார்த்தேன். டீ ஆறுவதற்குள் வாட்ஸப்பில் அவளிடமிருந்து நாலு எண் வந்தது. ஒரு வார்த்தை கூட இல்லை, வெறும் எண். நான் சமையலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போட்ட எண் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு டிவி மறுபடி கேட்கும். எப்போது கேட்கும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். டீ ஃபேக்டரியில் இலை எடை போட்டுவிட்டு வந்ததும் நேராக டிவியைத்தான் போடுவேன். "படத்தைப் பாக்கறதில்ல, நம்பர் கேக்குதான்னு பாக்கறீங்க" என்று மனைவி கேலி செய்வாள். உண்மைதான். நான் பட்டனை அழுத்தினால் அங்கே அவள் போன் சிணுங்கும். அவள் எடுத்துப் பார்ப்பாள், எனக்காக நாலு எண்ணை அடிப்பாள். எங்களுக்குள் மிச்சமிருந்தது அவ்வளவுதான், அதை நான் விட்டுவிடத் தயாராக இல்லை.

எங்கள் ஊர் ஈரத்துக்கு ரிமோட்டை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்தான் வைத்திருப்போம். போன மழைக்காலத்தில் அந்த உறை சுருங்கி, ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கியது. டிவி கேட்டபோது தற்காலிகம் என்று நினைத்து அழுத்தினேன். வீட்டை மாற்றும் லிங்க் கணக்குக்காரருக்கு அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவின் வீடு போதாமல் இதையும் பிடுங்கிக்கொள்கிறான் என்றுதானே நினைப்பாள்? தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை மாறியது. இந்த டிவி இப்போது உங்கள் வீட்டைச் சேர்ந்தது என்றது. அவள் சம்மதம் கொடுத்துவிட்டாள். அப்படியானால் அவள் வீட்டு டிவிதான் இனி வெளியாள். அவள் பிள்ளைகள் என்ன செய்யும்?

சண்டைக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார்.

"தப்பா அமுத்திட்டேன் மாப்ள. அவளையே திரும்ப மாத்திக்கச் சொல்லுங்க."

"வேண்டாங்க மச்சான். இங்க டிவி இல்ல, வித்தாச்சு. புதன்கிழமை கனடா கிளம்பறோம். பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் முடிவாயிருச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். நான் சொல்லிக்கறேன், சொல்லிக்கறேன்னே இருந்தா."

"பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"குடுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. நானாவது பேசியிருக்கலாம். பாவி நாக்கு, திட்டும்போது மட்டும் முந்திக்கொள்ளும்.

"இனி டிவி உங்களைக் கேக்காதுங்ணா" என்றாள். "நிம்மதியாப் பாருங்க." வைத்துவிட்டாள்.

அவர்கள் விமானம் ஏறிய புதன்கிழமை, டிவியை அணைத்து அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் எண் கேட்காமல் நேராகப் படங்களின் வரிசைக்குப் போய் நின்றது. மனைவி என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை அவள் கேலி செய்யவில்லை.