எட்டு சதவீதம், பதினொரு டிகிரி

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு மலைச்சரிவைக் கணக்குப் போடுகிறவன், கடற்கரையில் உட்கார்ந்து நீச்சல் பாடம் எடுக்கிறவனைப் போலத்தான். எங்கள் ஊர் அவ்வளவு தட்டை. வரைபடத்தில் சம உயரக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளிப் போகும். நான் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு தனியார் சர்வே ஆபீசில் வரைபடக்காரன். மனைப்பிரிவு, சாலை, வாய்க்கால். மலைப்பாதை வேலை எப்போதாவது வெளியூரிலிருந்து வரும். வந்தால் இரண்டு நாள் நான் ஆபீசில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பேன்.

என் மனைவி வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். அவர்கள் ஊருக்கு வெளியே ஒரு குன்று. உச்சியில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர். வருஷா வருஷம் அவள் வீட்டு ஜனம் முழுக்க ஏறும். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஒரு வருஷம் விட்டதில்லை. நான் ஒரு வருஷம் ஏறியதில்லை. அடிவாரத்தில் புளியமரத்து நிழலில் பேப்பர் படிப்பது என் பங்கு பக்தி.

அப்புறம் அவள் நுரையீரல் இறுக ஆரம்பித்தது. இறுகியது இளகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மீதியிருக்கிற மூச்சைப் பழக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே நடைமெஷின். பிராணவாயுக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அதில் நடப்பாள். மெஷினின் சின்னத் திரையில் ஏற்றத்துக்கு ஒரு எண் வரும். முதலில் இரண்டு. பிறகு ஐந்து. சில மாதம் கழித்து எட்டு.

எட்டு வந்த அன்று ஆட்டோவில் வரும்போதே தம்பிக்குப் போன் போட்டாள். "எட்டு ஏறிட்டேன்டா! நம்ம மலை எவ்ளோ இருக்கும், பாத்து சொல்லு."

அவன் ஊரில் விவசாயம் பார்க்கிறவன். அக்கா கேட்டால் கிணற்றிலும் குதிப்பான். மறுநாளே மலைப்பாதையில் போனைக் கிடத்தி, சாய்வு பார்க்கிற ஆப்பில் அளந்து, அதைப் படம் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, பதினொண்ணுதான் காட்டுது. நீ எட்டு ஏறிட்டே. இன்னும் மூணுதான்."

"மூணுதானா?" அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "அடுத்த மாசம் பத்து வெச்சு நடக்கிறேன். அதுக்கடுத்த மாசம் பதினொண்ணு. இந்த வருஷமே ஏறிடலாம்டா."

நான் காப்பியை உறிஞ்சிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு வராத கலை. அவள் உடனே பிடித்துவிட்டாள்.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"ஒண்ணுமில்ல. போன் டிகிரியில காட்டுது."

"சரி, அதனால?"

"உன் மெஷின் சதவீதத்துல காட்டுது."

"ரெண்டும் ஏத்தந்தானே மாமா?" என்றான் தம்பி.

நான் ஆபீசிலிருந்து அந்தப் பகுதியின் மேப்பை எடுத்து வந்தேன். மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐம்பது மீட்டர். கோட்டுக்குக் கோடு உயரம் இருபது மீட்டர். பாதை போகிற பக்கம் கோடுகள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடந்தன. அதாவது தரையில் நூறு மீட்டர் கிடையாகப் போனால் இருபது மீட்டர் ஏறுகிறோம். இருபது சதவீதம். ஐந்துக்கு ஒன்று. கால்குலேட்டரில் அந்த இருபதை நூறால் வகுத்து, கோணம் காட்டும் டேன் இன்வர்ஸ் தட்டினேன். பதினொன்று புள்ளி மூன்று டிகிரி. தம்பியின் போன் பொய் சொல்லவில்லை.

"அப்போ நூறு சதவீதம்னா செவுரு மாதிரி நேரா நிக்குமா?" என்றான்.

"இல்லப்பா. நூறு மீட்டர் போனா நூறு மீட்டர் ஏறுறது. நாப்பத்தஞ்சு டிகிரி."

அவள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் எட்டு, டிகிரில எவ்ளோ?"

தட்டினேன். "நாலரைக்குக் கொஞ்சம் மேல."

"நாலரையா!" சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. "இத்தினி மாசமா நாலரைக்கா இப்படி மூச்சு வாங்கினேன்? ஏங்க, உங்க வேலையே இதுதானா? நல்லா இருக்கிற நம்பரை எல்லாம் பாதியாக்குறது?"

பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்பது போலத் தம்பி என்னைப் பார்த்தான். பொய் சொன்னால் அவள் பாதி மலையில் மூச்சுக்குத் தவிப்பாள். வீட்டுக் கூடத்திலேயே தவிக்கட்டும் என்று முடிவு செய்கிற அளவுக்குப் புருஷ தர்மம் என்னிடம் இருந்தது.

அன்று சாயங்காலம், இருட்டுவதற்கு முன் அவள் சாப்பிட்டு முடித்ததும், நான் டிவைடரை எடுத்தேன். மலைச்சாலை வரைகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. எட்டு சதவீதத்தில் இருபது மீட்டர் ஏற இருநூற்றைம்பது மீட்டர் நடக்க வேண்டும். மேப்பில் ஐந்து மில்லிமீட்டர். டிவைடரை அந்த அளவுக்கு விரித்து, ஒரு கோட்டில் ஒரு முள்ளை ஊன்றி, மறு முள் அடுத்த கோட்டைத் தொடும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த கோடு. நேரே ஏறாமல் சாய்ந்து சாய்ந்து, இப்படியும் அப்படியுமாகத் திரும்பி, அடிவாரத்துக் கோட்டிலிருந்து தீர்த்தங்கரர் வரை எட்டு எட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது முள். முழுக்க எட்டு சதவீதம். பன்னிரண்டரைக்கு ஒன்று.

"இது ஏறலாமா நானு?" என்றாள்.

"ஏத்தம் நீ நடக்கிற ஏத்தம்தான். ஆனா எண்ணூறு மீட்டர் பாதை ரெண்டு கிலோமீட்டர் ஆயிடுது."

"உயரம்?"

"அது அதேதான். நூத்தி அறுபது மீட்டர்."

சரிவைக் குறைக்க எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம். உயரத்தைக் குறைக்கிற டிவைடர் எந்தக் கடையிலும் இல்லை. மெஷினில் அவள் ஒரு மூச்சில் நடந்தது வீட்டிலிருந்து தெருமுனை வரை போகிற தூரம். நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது. பென்சிலை வாங்கி, முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் அழுத்திக் கோடு போட்டாள்.

"இது மட்டும் போலாம்."

போனோம். தம்பி முள்ளை வெட்டி வழி செய்து வைத்திருந்தான். பாதி தூரம் வெறும் ஆட்டுத்தடம். அவன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான், நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவள் நிற்கிற இடத்தில் எல்லாம் நாற்காலி போடுவேன். ஊர்வலத்தில் சாமிக்குப் பின்னால் போகிறவனுக்குக்கூட இவ்வளவு வேலை இருக்காது. இரண்டாவது புள்ளி ஒரு வேப்பங்கன்று. அங்கே உட்கார்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.

"எவ்ளோ ஏறினேன்?"

"இருபது மீட்டர்."

"எட்டுல ஒண்ணு." மேலே பார்த்தாள். பாறை மறைத்தது. அங்கிருந்து சாமி தெரியாது. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நேர் பாதைல போங்க. தம்பி என்கூட இருக்கட்டும்."

ஐந்துக்கு ஒன்றில், தொப்பையோடு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறினேன். என் நுரையீரல் நன்றாகவே இருந்தது. அதன் மேல் எனக்கு அப்படியொரு கோபம். மேலே போய்ப் பாறை விளிம்பில் நின்று திரும்பினேன். சிவப்பு நாற்காலி. அதில் அவள். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு தம்பி.

இறங்கி வந்ததும் கேட்டாள். "எப்பிடி இருக்காரு? எண்ணெ போட்டுக்கினு பளபளன்னு இருந்தாரா?"

மேலே நின்ற நேரமெல்லாம் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாக்கலையா நீங்க?"

"இங்க பாத்துட்டிருந்தேன்."

"நல்ல ஆளை அனுப்பினேன்டா தம்பி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, மறுபடியும் ஏறுங்க."

ஏறினேன். இந்த முறை பார்த்தேன். எண்ணெய் பூசியிருந்தது, காலடியில் வாடாத செவ்வரளி இருந்தது, இடது காதோரம் கல் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அடுத்த வருஷம் அவள் வீட்டு ஜனம் ஏறியபோது அவள் இல்லை.