முனவ்வறா மனேஜரான பிறகு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் வேலை பார்த்த கூட்டுறவுப் பயிற்சிப் பிரிவு எனக்கு ஒரு விசித்திரமான பொறுப்பைத் தந்திருந்தது. முதல் தடவையாக முகாமையாளர் ஆனவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். பிழை கண்டால் எப்படிச் சொல்கிறீர்கள், வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள், நேற்றுவரை பக்கத்தில் இருந்தவர்களை இன்று எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டு ஒலிநாடாவில் பதிய வேண்டும். அதை வைத்து இனி வருகிறவர்களுக்கு ஒரு வகுப்புத் தயாரிப்பதாகத் திட்டம்.

சாய்ந்தமருதுக் கடையிலும் சரி, நாவிதன்வெளி நெல் ஆலையிலும் சரி, எனக்குக் கிடைத்தது ஒரே பதில்தான். "நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி, சேர்." குடும்பத்துக்குள் நடக்கிற சண்டையை இவர்கள் கண்ணால் கண்டதே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். "பிழை கண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் நல்லவராகிவிடுவார்கள். "கடைசியாக யாருடைய வேலையில் பிழை கண்டீர்கள்? அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடினமான வேலை இந்த இரண்டாவதுதான்.

முனவ்வறாவைப் பார்க்க மருதமுனைக்குப் போனது லுஹர் தொழுகை முடிந்த ஒரு மத்தியானம். லுங்கி போல ஆண்கள் உடுத்தும் சாறன்களை நெய்கிற அந்த நெசவு நிலையத்தில் தறிகள் ஓய்ந்திருந்தன. முற்றத்தில் சாயம் போட்ட நூல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நீலமும் மஞ்சளும் கடற்காற்றில் மெல்ல ஆட, வெயிலே நிறம் மாறி மாறி விழுவது போலிருந்தது. அந்த வெக்கையில் நான் விழித்திருக்கிறேனா கனவு காண்கிறேனா என்று நிச்சயமில்லை.

முனவ்வறா மெலிந்த பெண். பேசும்போது முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொள்வாள். கலியாணத்துக்கு முன்பிருந்தே இங்கே தறியில் இருந்தவள். போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவளை முகாமையாளர் ஆக்கியிருந்தார்கள். அந்த நிலையத்தில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

பேட்டியின்போது அறையில் வேறு எவரும் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் நான் அந்நிய ஆண், அதுவும் கல்முனையிலிருந்து வந்த கிறிஸ்தவன். ஒரு பெண்ணோடு தனியறையில் இருந்து கதைப்பது எப்படி? அவள் கூப்பிட்டதும் பக்கத்துத் தறியிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து வாசலோரம் பாயில் உட்கார்ந்தாள். பெயர் கமீலா. தடித்த உடம்பு, பெரிய சிரிப்பு.

"இவ என்ட கூட்டாளி, சேர். மூத்தவன் பொறந்து நான் காய்ச்சல்ல கிடந்த நேரம் அவனுக்குப் பால் குடுத்தவ" என்றாள் முனவ்வறா.

"அவன் ரெண்டு உம்மாட புள்ள. அதான் ரெண்டு மடங்கு குழப்படி" என்று கமீலா தேத்தண்ணியை நீட்டினாள்.

விதி அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய கவிழ்ப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பதிவுப் பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நூல் சுத்துறதுக்கு ஆள் இரிக்கி. சாயத்துக்கு ஆள் இரிக்கி. சாறன் தறியால வெட்டி வந்தா பார்க்கிறது நான். பிழையிருந்தா தைக்கிறதும் நான்தான்."

"அதையும் நீங்களேவா?"

"ஓம். எல்லாரும் சாப்பிடப் போற நேரம் கதவச் சாத்திட்டு."

மனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி பிடிக்கிறாள். அவளுடைய சுட்டுவிரல் நுனி முழுக்கக் குத்துப்பட்டுக் கறுத்திருந்தது. நான் என் கேள்வியைக் கேட்டேன். கடைசியாக யாருடைய பிழை? அன்றைக்கு என்ன நடந்தது? பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

நாடா சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே நூல் ஆடியது. முனவ்வறா முக்காட்டைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஒரு புள்ள, சேர். பேர் வேணாம். நெய்யக்குள்ள பாவுல, நெடுக ஓடுற நூல்ல, இழை அறுந்தா அவ காணுறல்ல. உடன முடிச்சுப் போட்டா சரி. போடாம நெய்துகொண்டு போனா சாறன்ல நெடுக ஒரு கோடு விழுந்திரும். கொம்பனிக்காரன் எடுக்கமாட்டான். நான் அதே நிறத்து நூலக் கோத்து, இழை போற வழிய பார்த்துப் பார்த்துத் தைச்சி அனுப்புறன்."

"அவளிடம் சொல்லவில்லையா?"

பதில் கமீலாவிடமிருந்து வந்தது. "யாருகா அந்த எருமை? ஒனக்கு இவ்வளவு கரைச்சல் தாறவ! தலைமயிரப் புடிச்சி ரெண்டு குடுக்காம?" வயிறு குலுங்கச் சிரித்தாள்.

முனவ்வறா சிரிக்கவில்லை. என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "செல்ல வாய் வராது, சேர். ஒண்டா இருந்து நெய்த ஆள். மனேஜர் கதிரையில ஏறின உடன கண் மேல போயிட்டுது எண்டு நினைச்சிருவா. நேத்தும் அந்த நீலக்கட்டம் போட்ட சாறன்ல ஒரு கோடு."

நீலக்கட்டம் எந்தத் தறியில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாயில் சிரிப்பு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். கமீலாவின் கையில் தேத்தண்ணிக் கோப்பை அப்படியே இருந்தது. வாசலுக்கு அப்பால் அவளுடைய தறியில் நீலக்கட்டம்.

பெட்டியை நிறுத்தக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று முனவ்வறா தலையசைத்தாள். நேரே கமீலாவிடம் சொல்ல முடியாததை என் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பெண்களின் இத்தனை வருட உறவை என் ஒரு கேள்வி உடைத்துவிட்டதோ என்று பயந்தேன்.

"எத்தின நாளாகா?" என்றாள் கமீலா. குரலே மாறியிருந்தது.

"நான் இந்தக் கதிரையில இருந்த நாள்ல இருந்து."

"வெள்ளெழுத்தோ எண்டு எனக்கும் ஒரு சந்தேகம். ஆனா ஒரு சாறனும் திரும்பி வரல்ல. அப்ப கண்ணுல ஒண்டுமில்லையெண்டு கண் டொக்டர்ட்டயும் போகாம இருந்துட்டன்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒன்ட மகன நான் ஏசுறன், அடிக்கிறன். என்ட புள்ள எண்டுதானே ஏசுறன். என்னைய ஏச ஒனக்கு வாய் வரல்லியா? நான் ஒனக்குப் பிறத்தியாளா?"

முனவ்வறா குத்துப்பட்ட விரலை முக்காட்டுக்குள் மறைத்தாள். கமீலா எழுந்து வெளியே போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் தறிப் பலகையில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சத்தமாகச் சொன்னாள்.

"வாகா இஞ்ச. சேருக்குச் செல்லினது போதும். எனக்குச் செல்லு."

முனவ்வறா எழுந்தாள். முக்காடு விரலிலிருந்து அவிழ்ந்தது. இரண்டு தலைகளும் பாவின் மேல் குனிந்தன. காற்றில் நூல் கொடி ஆடி, நீல நிழல் அவர்கள்மேல் விழுந்து விழுந்து போனது.

"இந்தா, அறுந்து ஒரு சாண் போயிட்டுது. இது பிழை" என்றாள் முனவ்வறா. குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. "பிரி கமீலா. அறுந்த இடம் வரைக்கும் பிரி."

"ஓம்" என்றாள் கமீலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரிக்கத் தொடங்கினாள்.