பாஸ்டர் பிடித்த முடிச்சு

அமிர்தவள்ளியக்கா சித்தாளாகக் கல் சுமந்து, கொத்தனாராகக் கரணை பிடித்து, கடைசியில் மேஸ்திரி ஆனார். ஆனால் எங்கள் ஆம்பூர் பக்கம் பெண் மேஸ்திரியை நம்பி யார் வீட்டைக் கொடுப்பார்கள்? சமையல் மேடை, உடைந்த படிக்கட்டு, துவைக்கிற கல், இவ்வளவுதான் வந்தது. முழு வீட்டைக் கொடுத்த முதல் ஆள் நான். உண்மையில் கொடுத்தது என் மனைவி நிஷா. நான் தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

என் மச்சான் ஜோசுவாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவனுக்கு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் வேலை. அச்சின் மேல் தோலைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். அஸ்திவாரம் குறிக்கிற காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "மாமா, மூலை ஒழுங்கா வரலன்னா பேர்ணாம்பட்டு மேஸ்திரிக்குப் போன் போட்டுருவேன்."

அக்காவின் காதில் விழும்படிதான் சொன்னான். அவரை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டான். எனக்குக் கோபம் வந்தது. நிஷா முறைத்ததால் அவனை விட்டு, ஒரு டீ குடித்துத் திரும்பினேன்.

அக்கா தெருவுக்கு நேராக முன்பக்க நூலைக் கட்டினார். இடது மூலையில் ஒரு முளை அடித்தார். அங்கிருந்து நூலோடு மூன்றடி அளந்து இன்னொரு முளை. பிறகு பையிலிருந்து புத்தம்புது நைலான் கயிற்றை எடுத்தார். வளையமாகக் கட்டி, மூன்று, நாலு, ஐந்தடி இடைவெளிகளில் முடிச்சுப் போட்ட கயிறு. மூன்றடிப் பக்கத்தை முளைகளில் மாட்டினார். நாலடியும் ஐந்தடியும் சேருகிற முடிச்சைப் பிடித்து, இரண்டு பக்கமும் தொய்வில்லாமல் நிறுத்தினால் மூலை சரியான செங்கோணம்.

"தம்பி, இந்த முடிச்சப் புடி."

ஜோசுவா பிடித்தான். பிடித்தானா, காலை ஊன்றிப் பல்லைக் கடித்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து இழுத்தான். தோல் என்றால் அன்றைக்கே ஷூ ஆகியிருக்கும். முளையருகே குனிந்திருந்த அக்கா அதைக் கவனிக்கவில்லை. மூலை முளையிலிருந்து அந்த முடிச்சுக்கு நேராகப் பின்பக்கம் வரை முப்பதடிக்கு நூல் ஓடியது. மற்ற பக்கங்களுக்கும் நூல் கட்டினார்.

அப்போது அஸ்திவாரத்துக்கு ஜெபம் செய்ய எங்கள் சர்ச் பாஸ்டர் பைக்கில் வந்து இறங்கினார். அடுத்து பள்ளிகொண்டாவில் ஒரு ஜெபம் இருக்கிறது என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

அக்கா குறுக்கே டேப் பிடித்தார். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இருக்கிற தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். சாணுக்கு மேல் வித்தியாசம் வந்தது. பக்கத்து வீட்டு ஜஹீதா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, உங்க வூடு எங்க தோட்டத்துக்கு வருது? வாசப்பக்கமா வரச் சொல்லுங்க, டீ குடுக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஜோசுவா போனை எடுத்துவிட்டான். இந்த வீடு போனால் அக்காவுக்குத் திரும்பவும் துவைக்கிற கல்தான்.

அக்கா கயிற்றைக் கழற்றி அளந்தார். மூன்று, நாலு, ஐந்து, இம்மி பிசகில்லை. பிறகு கயிற்றைத் திரும்ப முளைகளில் மாட்டி, ஜோசுவாவின் கையைப் பார்த்தார்.

"போன் அப்புறம் போடு தம்பி. இன்னொரு வாட்டி இழு."

அவன் இழுக்க, அவர் ஐந்தடிப் பக்கத்தை அளந்தார். விரல்கடை அளவு நீண்டிருந்தது. அந்த விரல்கடைதான் முப்பதடிக்குப் போய்ச் சேரும்போது சாணாகியிருந்தது.

"புதுக் கயிறு, இழுவ ஜாஸ்தி. பாக்காம வுட்டது என் தப்பு," என்றார் அக்கா. "ஆனா தம்பி, இது ஷூ இல்ல, மூலை. தொங்காம இருந்தாப் போதும்."

நிஷாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னாலும்தான். சிரிக்கிற எங்கள் கையில் முடிச்சு நிலையாக நிற்காது. அக்கா சுற்றிலும் பார்த்து, பாஸ்டரின் கையில் முடிச்சைக் கொடுத்தார்.

பாஸ்டர் ஹெல்மெட்டோடு குந்தி உட்கார்ந்து, குழந்தையின் விரலைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்தார். நேரமாகிவிட்டதால் அப்படியே ஜெபத்தையும் ஆரம்பித்தார். "பிதாவே" என்றதும் பழக்கத்தில் இரண்டு கையும் மேலே கிளம்பின.

"ஐயா, அந்தக் கைய அசைக்காதீங்க, மூலை போய்டும்," என்றார் அக்கா.

ஒற்றைக் கை உயர்ந்தது. ஜெபம் நடக்க நடக்க அக்கா நூலை மாற்றிக் கட்டினார். டேப்பின் மறுமுனையை ஜோசுவா தானாகவே போய்ப் பிடித்தான். ஒரு குறுக்களவைப் படித்தான். மற்றதைப் படித்தான். நம்பாமல் திரும்பவும் படித்தான். இரண்டும் ஒன்று.

ஜெபம் முடிந்து, ஆமென் சொல்லி வெகுநேரமாகியும் பாஸ்டர் அசையாமல் குந்தியிருந்தார். ஜோசுவா போனைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தான்.

"மேஸ்திரி, ஐயா கைய எடுக்கலாமான்னு கேக்கறாரு."