சீட்டைக் கிழிக்கும் சத்தம்

டாக்டரம்மாவுக்கு அந்தத் தெருவில் ‘அஞ்சு நிமிஷம்’ என்று பெயர். பெயர் வரக் காரணம் அவரில்லை, முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய நாத்தனார். டோக்கன் கொடுக்கும்போதும் அஞ்சு நிமிஷம் என்பார், ஒன்றரை மணி நேரம் கழித்து யாராவது எழுந்து வந்து கேட்டாலும் அதையே சொல்வார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது.

வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் தொடங்கி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அதிகம். ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேசுவார். அந்தப் பேச்சுக்காகவே கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததும் பேச்சு போயிற்று. கணவர் இறந்த பிறகு, அவருடைய அக்கா துணைக்கு என்று வந்து முன்மேசையைப் பிடித்துக்கொண்டார். இப்போது மாலை ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் அறுபது பேர். டாக்டரம்மா நோயாளி பேசத் தொடங்கும்போதே எழுதத் தொடங்குவார். எழுதி முடித்ததும் சீட்டைப் புத்தகத்திலிருந்து ஒரே இழுப்பில் கிழிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நோயாளி எழுந்துவிட வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எதிர்ச்சாரியில் நான்கு மாடி மருத்துவமனை ஒன்று திறந்த மாதத்தில்தான் இணையத்தில் கிளினிக் பெயருக்குக் கீழே அந்தப் புகார் வந்தது. ஒற்றை நட்சத்திரம்.

“வந்தது 6.05. டோக்கன் 38. உள்ளே போனது 8.32. வெளியே வந்தது 8.35. மருத்துவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கிளினிக்கில் மருந்து என்பது சீட்டைக் கிழிக்கும் சத்தம்தான்.”

எழுதியவர் பெயர் போடவில்லை. டாக்டரம்மாவுக்குத் தேவையும் இருக்கவில்லை. டோக்கன் நோட்டை எடுத்தார். புகார் போட்ட தேதியில் முப்பத்தெட்டுக்கு நேரே இருந்த பெயர், பேருந்துப் பணிமனையில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவருடையது. முப்பது வருடம் வண்டிகள் வெளியே போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிய கை. ஊரில் அவரை டைம்கீப்பர் என்பார்கள்.

“இவன்தானா,” என்றார் டாக்டரம்மா.

“அன்னிக்கே நினைச்சேன்,” என்றார் நாத்தனார். “ரெண்டரை மணி நேரமும் வாட்சையே பாத்துட்டிருந்தான். பொண்டாட்டி இல்லாத ஆளு, வீட்ல சண்டை போட யாருமில்ல. இங்க வந்து தீத்துக்கறான்.”

டாக்டரம்மா அன்று மத்தியானம் சாப்பிடாமல் பதில் எழுதினார். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்.

“ஐயா, வந்தது நீங்கள், வராதது வியாதி. களைப்பு என்றீர்கள். நாடித்துடிப்பு 78, ரத்த அழுத்தம் சரி. சத்து மாத்திரை எழுதினேன். உங்களுக்கு மூன்று நிமிடமே அதிகம். உண்மையில் நோயுற்ற ஒருவரிடமிருந்து அதைத் திருடி உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். தனிமைக்கு என்னிடம் மாத்திரை இல்லை.”

கடைசி வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது.

அனுப்புமுன் மகளுக்குக் காட்டினார். மகள் வேறு ஊரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இருந்தாள். நோயாளிகளின் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் வேலை. உடனே கூப்பிட்டாள்.

“அம்மா, போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போட்டா உன் பதிவு எண்ணுக்கே ஆபத்து. அந்தாளு உன்கிட்ட வந்தார்னு சொல்றதே தப்பு, நீ அவர் நாடித்துடிப்பை ஊருக்கே வாசிக்கற.”

“அவனே எழுதியிருக்கானே, வந்தேன்னு.”

“அவர் எழுதலாம். அது அவர் உடம்பு. நீ எழுதக்கூடாது. வந்தார்னும் சொல்லாத, வரலன்னும் சொல்லாத. பொதுவா ரெண்டு வரி, போன் நம்பர், அவ்வளவுதான்.”

“அப்ப அவன் என்ன வேணா எழுதலாம், நான் பல்லைக் காட்டணும்.”

“அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீ சும்மா காட்டு.”

டாக்டரம்மா எழுதிய பதிலை அழித்தார். ஆனால் கோபம் அழியவில்லை, வேறு வழி தேடிக்கொண்டது. அரைமணி கழித்து நாத்தனாரைக் கூப்பிட்டுப் புதிய பதிலைப் படித்துக் காட்டினார்.

“தங்கள் கருத்துக்கு நன்றி. போதிய நேரம் கிடைக்கவில்லை என்று கருதும் எவரும் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம். நாற்பது நிமிடம் ஒதுக்கித் தரப்படும்.”

“என்னம்மா, தோத்துட்டியா?” என்றார் நாத்தனார்.

“அண்ணி, அவன் கூப்பிடுவான். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கூடத்தில் நிற்க இடமிருக்காது. நாத்தனாருக்கு மெல்லப் புரிந்தது. முகம் மலர்ந்தது.

“ஏழு மணிக்கு உள்ள போனா, ஏழு நாப்பதுக்குத்தானே வெளிய வருவான்.”

“ஒரு நிமிஷம் குறைய விடமாட்டேன்.”

டைம்கீப்பர் கூப்பிட்டார். திங்கட்கிழமை வந்தார். சலவை செய்த சட்டை, இடது கையில் பழைய எஃகுக் கடிகாரம். ஏழு மணி அடிக்கும்போது பதினாறாவது டோக்கன்காரரைத் தாண்டி உள்ளே போனார். கூடத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். கதவு மூடியதும் நாத்தனார் யாரிடமும் சொல்லாதது போல எல்லோருக்கும் சொன்னார்: “நாப்பது நிமிஷம் ஆகும். சாருக்கு மூணு நிமிஷம் போதலையாம், புகார் எழுதியிருக்கார்.” வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அஞ்சு நிமிஷம் என்று சொல்லவில்லை.

உள்ளே டாக்டரம்மா சீட்டுப் புத்தகத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். நாற்காலியைத் திருப்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சொல்லுங்க.”

“களைப்பா இருக்கு.”

“எப்போதிலேருந்து? தூக்கம் எப்படி? பசி? காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க? மெதுவா சொல்லுங்க, நேரம் இருக்கு.”

அவருடைய அப்பா எதில் இறந்தார், அம்மா எதில் இறந்தார், சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்ததா, எல்லாம் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். வெளியே குரல்கள் ஏறுவது கேட்டது. யாரோ கதவை ஒரு தரம் தட்டினார்கள். டைம்கீப்பர் கதவைப் பார்த்தார்.

“வெளியில ஆளுங்க...” என்றார்.

“இருக்கட்டும். இன்னும் இருபத்தி ரெண்டு நிமிஷம் உங்களோடது.”

வழக்கமாக நாடித்துடிப்பு பார்க்க விரலில் ஒரு கருவியை மாட்டுவார். எண் வரும், எழுதுவார். அது சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் இன்று அதைத் தொடவில்லை.

“உங்க வாட்சைக் குடுங்க. ஒரு முழு நிமிஷம் எண்ணப் போறேன். நீங்களும் சரிபாத்துக்கலாம்.”

கடிகாரத்தை மேசைமேல் வைத்து, அவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். விநாடிமுள் நகர்ந்தது. பத்தாவது விநாடியில் எண்ணிக்கை தடுக்கியது. இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது, பிறகு ஒரு இடைவெளி, பிறகு மெலிதாக ஒன்று, பிறகு வேகமாக மூன்று. எந்த ஒழுங்கும் இல்லை. எண்பத்து நான்கு. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து இன்னொரு நிமிடம் எண்ணினார். நூற்றிரண்டு. இதயம் அடித்ததில் பதினெட்டு அடி மணிக்கட்டுக்கு வந்து சேரவேயில்லை.

டாக்டரம்மா கையை எடுக்கவில்லை.

“படபடப்பு இருக்குமா உங்களுக்கு?”

“மூணு மாசமா அப்பப்ப வரும். படி ஏறினா மூச்சு வாங்கும்.”

“போன தடவை ஏன் சொல்லல?”

“சொன்னேன்,” என்றார் அவர். “நீங்க கிழிச்சிட்டிருந்தீங்க.”

பக்கத்து அறையில் ஈசிஜி எடுத்தார். காகிதத்தில் கோடுகள் கூடியும் விலகியும் நின்றன. சந்தேகத்துக்கு இடமில்லை.

“இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்கல,” என்றார். “ரத்தம் அங்க தேங்கி கட்டியாச்சுன்னா மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை வேணும். நாளைக்குக் காலையில இதய டாக்டரைப் பாக்கணும், நான் இப்பவே பேசறேன்.”

அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். “நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

டாக்டரம்மாவுக்கு அந்த நிமிடத்தில் அவர்மேல் இரக்கம் வரவில்லை. முன்பைவிட ஆத்திரம்தான் வந்தது. தண்டனையாகக் கொடுத்த நேரத்தில் அந்த மனிதர் ஜெயித்துவிட்டார். எண்ணச் சொன்னதும் அவரில்லை, கடிகாரத்தைக் கேட்டு வாங்கியதும் அவரில்லை, எல்லாம் டாக்டரம்மா தானாகச் செய்தது.

கதவு திறந்தது. கூடம் காத்துக்கொண்டிருந்தது.

“வாங்க மகாராஜா,” என்றார் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர். “வயிறு நிறைஞ்சுதா?”

“இன்னும் ஒரு நாப்பது வேணுமா சார்? நாங்க இங்கயே பாய் விரிச்சுக்கறோம்.”

டைம்கீப்பர் ஈசிஜி காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதில் இருந்ததைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் எல்லோர் வாயையும் அடைத்திருக்கலாம். டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார். அவராலும் அந்த வரியைச் சொல்ல முடியாது, அது அந்த மனிதரின் உடம்பு. சொல்வதற்கு அவரிடம் வேறு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

“தப்பு என்னோடது,” என்றார். “நாப்பது நிமிஷம் தர்றேன்னு சொன்னது நான். இந்த நேரத்துக்கு வரச் சொன்னதும் நான். வேணும்னேதான் சொன்னேன்.”

நாத்தனார் டோக்கன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பதினாறாம் எண்காரர் எழுந்து உள்ளே போனார். அன்று கிளினிக் மூட நேரமாயிற்று. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் டாக்டரம்மா ஒரு முழு நிமிடம் விரல் வைத்தார்.

மறுநாள் இணையத்தில் இருந்த பதிலை எடுத்துவிட்டு வேறு எழுதினார். மகள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

“எங்கள் கிளினிக்கில் காத்திருக்கும் நேரம் அதிகம், பார்க்கும் நேரம் குறைவு. இது உண்மை. இனி மாலையில் முப்பத்தைந்து டோக்கனுக்கு மேல் கிடையாது. எழுதும்முன் கேட்பேன்.”

ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருந்தது. வாரம் போயிற்று. டாக்டரம்மா தினமும் பார்த்தார்.

“எடுக்கமாட்டேங்கறானே,” என்றார் நாத்தனார். “உயிரைக் காப்பாத்தியிருக்க. ஒரு நன்றி உண்டா?”

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடறானான்னு போன் பண்ணுங்க.”

“நேத்துதானே பண்ணேன்.”

“இன்னிக்கும் பண்ணுங்க. அண்ணி, அவன் செத்துட்டான்னா அந்த நட்சத்திரத்தை எடுக்க ஆளே இல்ல. காலத்துக்கும் என் பேருக்குக் கீழ நிக்கும்.”

அதனால் அவரைச் சாகவிடுவதில்லை என்று டாக்டரம்மா முடிவு செய்தார். மாதம் ஒருமுறை வரவழைத்தார். உப்பைக் குறைக்க வைத்தார். மாலையில் நடக்க வைத்தார். ஒரு மாதம் வராமல் இருந்தபோது, நாத்தனாரை ஆட்டோவில் அனுப்பி வீட்டிலிருந்து அழைத்துவரச் செய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டதில்லை. கடிகாரத்தை மட்டும் அவரே கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்.

ஐந்தாவது மாதம் அவர் வந்து போன மறுநாள் புகார் மாறியிருந்தது.

“வந்தது 6.10. டோக்கன் 9. உள்ளே போனது 6.58. வெளியே வந்தது 7.11. காத்திருப்பு இன்னும் அதிகம்தான்.”

இரண்டு நட்சத்திரம்.

டாக்டரம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு முன்மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“அண்ணி, அந்தாளுக்கு அடுத்த மாசத்துக்கும் டோக்கன் எழுதி வைங்க.”